விலைக் கோட்டின் வேகமானி

சென்ற மாதம் பள்ளிக்கு வந்த என் முன்னாள் மாணவன் ஒருவன் கைப்பேசியை நீட்டினான். திரையில் செம்பனை எண்ணெய் விலையின் வரைபடம். விலை ஒரு கோடு. அதன் மேலும் கீழும் ஆற்றங்கரைகள் போல இரண்டு கோடுகள். அடியில் தனியாக ஒரு சிறிய கட்டம். அதில் நீலக் கோடும் சிவப்புக் கோடும் பின்னிக்கொண்டு ஓடின.

"டீச்சர், நீலம் சிவப்பை மேலிருந்து கீழே வெட்டிருச்சு பாருங்க. இப்ப வித்துடணுமாம். எங்க புலனக் குழுவுல அப்பவே சொல்லிட்டாங்க" என்றான்.

அந்தக் குழுவில் தொடர்ந்து இருக்க மாதம் முந்நூறு ரிங்கிட் கேட்கிறார்கள். இன்னும் கட்டவில்லை. பகுதி நேர வேலையில் சேர்த்த பணம் கையில் இருக்கிறது.

"அந்த நீலக் கோடு எதுலருந்து வருதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றான். குழுவில் கேட்டானாம், "கணினி போடுவது" என்று பதில் வந்ததாம். அன்று மாலை ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து அந்தக் கோடுகளை நாங்களே ஒரு விரிதாளில் போட்டுப் பார்த்தோம். படிவம் 4 கணிதமும் இயற்பியலும் போதுமானவையாக இருந்தன. அன்று பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விலையைப் பற்றி. கச்சா செம்பனை எண்ணெய்க்கான முன்பேர ஒப்பந்தங்கள் கோலாலம்பூரில் 1980 முதல் வணிகமாகின்றன. விலையை ஒரு டன்னுக்கு இத்தனை ரிங்கிட் என்று சொல்வார்கள். ஓர் ஒப்பந்தம் 25 டன். ஆகவே விலை ஒரு ரிங்கிட் நகர்ந்தால் ஓர் ஒப்பந்தம் வைத்திருப்பவருக்கு 25 ரிங்கிட் லாபமோ நட்டமோ ஆகும். இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும். கீழே வரும் விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, சந்தையில் பதிவானவை அல்ல.

மழை, ஏற்றுமதி வரி, சோயா எண்ணெய் விலை என்று பல காரணங்களால் விலை தினமும் துள்ளும். நேற்றைவிட இன்று எவ்வளவு கூடியது என்று மட்டும் பார்த்தால், குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் ஓடும் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தது போல இருக்கும். வண்டி எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியாது, குலுக்கல் மட்டுமே தெரியும். குலுக்கலை அடக்கத்தான் சராசரி.

எளிய வழி, கடைசி 12 நாள் விலைகளைக் கூட்டி 12-ஆல் வகுப்பது. நாளை புது விலை ஒன்றைச் சேர்த்து மிகப் பழையதை விடுவோம். இதுதான் நகரும் சராசரி. ஆனால் இதில் ஒரு கோளாறு உண்டு. பன்னிரண்டு நாளுக்கு முன் விலை ஒருநாள் தாறுமாறாக ஏறியிருந்தால், அந்த நாள் கணக்கிலிருந்து விழும்போது சராசரி திடீரென இறங்கும். இன்று சந்தையில் எதுவுமே நடந்திருக்காது.

இதைத் தவிர்க்க வணிகர்கள் பயன்படுத்துவது அடுக்குக்குறி நகரும் சராசரி. பெயர் பெரிது, வேலை சின்னது. திருவிழாப் பந்தலில் ஒரு குடம் நிறைய சிராப் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் குடத்தில் 13-இல் 2 பங்கை ஊற்றிவிட்டு, அதே அளவு இன்றைய சிராப்பைச் சேர்த்துக் கலக்குகிறோம். குடத்தின் இனிப்புதான் சராசரி. நேற்றைய சிராப் இன்னும் உள்ளே இருக்கிறது, முந்தாநாளையது கொஞ்சம் குறைவாக இருக்கிறது. பழையது எதுவும் ஒரே நாளில் காணாமல் போவதில்லை, மெல்ல மெல்லக் கரைகிறது. இதை "12 நாள்" சராசரி என்று அழைத்தாலும், 12 நாளுக்கு முந்தைய விலைகளின் பங்கு அதில் ஏறத்தாழ 13 விழுக்காடு இருக்கும்.

கணக்காக எழுதினால்: புதிய சராசரி = பழைய சராசரி + பங்கு × (இன்றைய விலை − பழைய சராசரி). 12 நாளுக்குப் பங்கு 2/13, 26 நாளுக்கு 2/27. கீழெண் எப்போதும் நாள் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதல்.

இப்போது மாணவனின் நீலக் கோட்டுக்கு வருவோம். திரையில் அதன் பெயர் MACD. அமெரிக்கரான ஜெரால்டு ஆப்பெல் 1970-களின் பிற்பகுதியில் உருவாக்கியது. இதைச் செய்வது மிக எளிது: 12 நாள் சராசரியிலிருந்து 26 நாள் சராசரியைக் கழித்தால் நீலக் கோடு. அந்த நீலக் கோட்டுக்கே 9 நாள் சராசரி போட்டால் சிவப்புக் கோடு. அதற்கு 'சமிக்ஞைக் கோடு' என்று பெயர். விரிதாளில் B பத்தியில் விலை இருந்தால், மூன்றாம் வரிசையில் இப்படித் தட்டுங்கள்:

```
C3:  =C2+(B3-C2)*2/13
D3:  =D2+(B3-D2)*2/27
E3:  =C3-D3
F3:  =F2+(E3-F2)*2/10
```

இரண்டாம் வரிசையில் C2, D2 இரண்டிலும் முதல் நாள் விலையையே போடுங்கள், F2-இல் சுழியம். மூன்றாம் வரிசையைக் கீழே இழுத்துவிட்டால் முடிந்தது. குடம் முதல் நாள் சிராப்பிலிருந்து விடுபட வேண்டும் என்பதால், முதல் இரண்டு மூன்று மாத வரிசைகளை நம்ப வேண்டாம்.

இந்தக் கழித்தலுக்கு என்ன பொருள்? குலுக்கலே இல்லாத ஒரு விலையை எண்ணிப் பார்ப்போம். பல மாதங்களாகத் தினமும் சரியாக 10 ரிங்கிட் ஏறி, இன்று 4500-இல் நிற்கிறது. குடத்தில் பழைய சிராப் இருப்பதால் 12 நாள் சராசரி இன்றைய விலைக்குப் பின்தங்கி 4445-இல் இருக்கும். 26 நாள் சராசரி இன்னும் பின்தங்கி 4375-இல் இருக்கும். நாளை விலை 4510. 12 நாள் சராசரிக்கும் அதற்கும் வித்தியாசம் 65. அதில் 13-இல் 2 பங்கு சரியாக 10. சராசரி 4455 ஆகிறது. மறுபடியும் 55 ரிங்கிட் பின்னால்தான். 26 நாள் சராசரிக்கு வித்தியாசம் 135, அதில் 27-இல் 2 பங்கும் 10. அது 4385 ஆகிறது, எப்போதும் போல 125 பின்னால். முதலாளிக்குப் பின்னால் கயிற்றில் கட்டிய இரண்டு நாய்கள் போல, ஒன்று குட்டைக் கயிற்றிலும் ஒன்று நெட்டைக் கயிற்றிலுமாக அதே வேகத்தில் ஓடுகின்றன.

நீலக் கோடு என்பது இரண்டு நாய்களுக்கும் உள்ள இடைவெளி: 125 − 55 = 70. விலை தினமும் 20 ரிங்கிட் ஏறினால் இரு கயிறுகளும் இருமடங்கு இழுபடும், இடைவெளி 140. தினமும் 5 ரிங்கிட் இறங்கினால் −35. ஆக நீலக் கோடு, விலை ஒரு நாளில் நகரும் அளவைப் போல ஏழு மடங்கு. உங்கள் இயற்பியல் பாடத்தில் இதற்குப் பெயர் திசைவேகம், மலாயில் ஹலாஜு. விலையை இடப்பெயர்ச்சி என்று எடுத்துக்கொண்டால் நீலக் கோடு ஒரு வேகமானி. தாமதமாகக் காட்டும், ஏழால் பெருக்கிக் காட்டும், ஆனாலும் வேகமானியேதான்.

வணிகர்கள் இதை 'மொமெண்டம்' கோடு என்பார்கள். இதைக் கேட்டால் இயற்பியல் ஆசிரியர்களுக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். உந்தம் என்பது நிறை பெருக்கல் திசைவேகம். பாரம் ஏற்றிய லாரி சட்டென நிற்காது என்பதை நமக்குச் சொல்வது அந்த நிறைதான். நீலக் கோட்டில் நிறை எங்கே? எத்தனை டன் கைமாறியது என்பதுகூட அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் 'மொமெண்டம்' என்ற சொல்லைக் கேட்டதும் "இவ்வளவு வேகமாகப் போகிற விலை உடனே நிற்காது" என்ற எண்ணம் நம் மனத்தில் தானாக வந்துவிடுகிறது. அந்த எண்ணத்தைத் தந்தது பெயர், கணக்கு அல்ல.

நீலம் வேகம் என்றால் சிவப்பு, அந்த வேகத்தின் அண்மைக்காலச் சராசரி. நீலம் சிவப்புக்கு மேலே இருந்தால் இப்போதைய வேகம் சில நாள்களுக்கு முந்தைய வேகத்தைவிடக் கூடுதல். கீழே இருந்தால் குறைவு. அதாவது நீலம் கழித்தல் சிவப்பு என்பது முடுக்கத்தின் அடையாளம், பெச்சுத்தான். இந்த வித்தியாசத்தைப் பல செயலிகள் அடியில் பச்சை, சிவப்புப் பட்டைகளாக வரைகின்றன. 1986-இல் தாமஸ் அஸ்ப்ரே என்பவர் சேர்த்தது அது.

வணிகர்களின் கூற்று இதுதான்: நீலம் சிவப்பைக் கீழிருந்து மேலே வெட்டினால் வாங்கு, மேலிருந்து கீழே வெட்டினால் விற்றுவிடு, நீலம் சுழியத்தைத் தாண்டினால் போக்கே மாறிவிட்டது. என் மாணவன் பார்த்தது இரண்டாவதை.

நாங்கள் அந்த 4510-இலிருந்து கணக்கைத் தொடர்ந்தோம். அடுத்த நாள் விலை 10-க்குப் பதில் 6 ரிங்கிட் மட்டும் ஏறி 4516 ஆகிறது என்று வைத்தோம். 12 நாள் சராசரி 4464.38, 26 நாள் சராசரி 4394.70. நீலம் 70-இலிருந்து 69.68-க்கு இறங்குகிறது. சிவப்பு, அந்த இறக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்து 69.94-இல் நிற்கிறது. நீலம் சிவப்புக்குக் கீழே போய்விட்டது. "விற்றுவிடு" என்ற சமிக்ஞை வந்துவிட்டது.

மாணவன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "விலை இன்னும் ஏறிக்கிட்டுத்தானே இருக்கு டீச்சர்?"

ஆமாம். தினமும் 6 ரிங்கிட் வீதம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. வண்டி பின்னால் போகவில்லை, ஓட்டுநர் எண்ணெய் மிதியிலிருந்து காலைச் சற்று எடுத்தார், அவ்வளவுதான். திசைவேகம் நேர்மறையாக இருக்கும்போதே முடுக்கம் எதிர்மறையாக இருக்கலாம் என்று படிவம் 4-இல் எத்தனை முறை எழுதியிருப்போம்! அந்த வெட்டு சொல்வது அதை மட்டும்தான். "ஏற்றம் மெதுவாகிறது" என்பதை "விலை விழப் போகிறது" என்று குழு மொழிபெயர்த்திருக்கிறது.

சரி, விலை உண்மையிலேயே திரும்பினால்? அதையும் போட்டுப் பார்த்தோம். 4510-இல் உச்சம் தொட்டு, மறுநாளிலிருந்து தினமும் 10 ரிங்கிட் இறக்கம். நீலம் முதல் நாளே சிவப்பை வெட்டியது. ஆனால் மெதுவாகும்போதும் இதே வெட்டுதான் வந்தது; இது திருப்பமா, வெறும் களைப்பா என்று வெட்டைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. உறுதிக்காகச் சுழியத்தைத் தாண்டும் வரை காத்திருப்போம் என்றால், அது நடந்தது பதினைந்தாவது நாள். அன்று நீலம் −0.17. விலை 4360. உச்சத்திலிருந்து 150 ரிங்கிட் போய்விட்டது. 25 டன் ஒப்பந்தத்துக்கு 3,750 ரிங்கிட். பதினைந்து வணிக நாள் என்றால் மூன்று வாரம்.

சீக்கிரம் கூவும் சேவல் பொய்யாகவும் கூவுகிறது. சரியாகக் கூவும் சேவல் விடிந்த பிறகு கூவுகிறது. நாள் எண்ணிக்கையை மாற்றினால் இந்த இழுபறியில் ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும். இரண்டையும் ஒருசேரக் குறைக்க முடியாது. ஏனென்றால் கோட்டுக்குள் போனவை எல்லாம் பழைய விலைகள் மட்டுமே. நான் காட்டியது குலுக்கலே இல்லாத விலை. உண்மை விலை ஒரே மட்டத்தில் ஏறி இறங்கித் தள்ளாடும் மாதங்களில் நீலமும் சிவப்பும் மாற்றி மாற்றி வெட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் வாங்கி விற்றால் தரகுக் கட்டணம் ஒவ்வொரு முறையும் போகும்.

இனி, ஆற்றங்கரை போன்ற அந்த இரண்டு கோடுகள். இவற்றை 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் ஜான் போலிங்கர். அவர் பெயரிலேயே போலிங்கர் பட்டைகள் என்கிறார்கள். நடுவே கடைசி 20 நாள்களின் எளிய சராசரி. அதற்கு மேலே இரண்டு திட்ட விலக்கம், கீழே இரண்டு திட்ட விலக்கம். திட்ட விலக்கம் என்பது நீங்கள் மலாயில் சிசிஹான் பியாவாய் என்று படிப்பதுதான். விலை அமைதியாக இருந்தால் பட்டை ஒடுங்கும், துள்ளினால் விரியும்.

20 எண்களைக் கையால் போட அலுப்பாக இருக்கும் என்று நாங்கள் 5 நாளுக்குச் சுருக்கினோம். இந்தச் சோம்பல்தான் அன்றைய மாலையின் நல்ல பகுதியாக ஆனது.

ஐந்து நாள் விலை: 3990, 4010, 4000, 4020, 3980. சராசரி 4000. ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து விலகும் அளவு −10, 10, 0, 20, −20. வர்க்கப்படுத்தினால் 100, 100, 0, 400, 400. கூட்டினால் 1000, ஐந்தால் வகுத்தால் 200. வர்க்கமூலம் 14.14. மேல்பட்டை 4000 + 28.28, அதாவது 4028.28. கீழ்ப்பட்டை 3971.72.

மறுநாள் விலை தாவி 4060 ஆகிறது. மேல்பட்டை 4028-இல் இருந்ததே, தாண்டிவிட்டதா? புதுக் கணக்கைப் போடுங்கள். 3990 வெளியே, 4060 உள்ளே. சராசரி 4014. விலகல்கள் −4, −14, 6, −34, 46. வர்க்கங்களின் கூட்டல் 3520, ஐந்தால் வகுத்தால் 704, வர்க்கமூலம் 26.53. புது மேல்பட்டை 4067.07. விலை 4060. உள்ளேயேதான் இருக்கிறது!

"வேலி நகர்ந்துடுச்சு" என்றான் மாணவன். இன்றைய விலையை அளக்கும் பட்டைக்குள் இன்றைய விலையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. விலை தாவும்போது சராசரியையும் இழுக்கிறது, பட்டையையும் அகட்டுகிறது. தேர்வெழுதும் பிள்ளையே தன் தாளைத் திருத்துவது போல.

இன்னும் பெரிதாகத் தாவினால்? 4200 போட்டோம், 5000 போட்டோம். தாண்டவே இல்லை. கடைசியில் நான்கு நாள் 4000, ஐந்தாம் நாள் 4100 என்று வைத்தோம். சராசரி 4020. விலகல்கள் நான்கு முறை −20, ஒரு முறை 80. வர்க்கங்களின் கூட்டல் 1600 + 6400 = 8000. ஐந்தால் வகுத்தால் 1600, வர்க்கமூலம் 40. மேல்பட்டை 4020 + 80 = 4100. விலையும் 4100. பட்டையைத் தொட்டு நிற்கிறது, ஒரு சென் கூடத் தாண்டவில்லை. 4100-க்குப் பதில் எந்த எண்ணை வைத்தாலும் இதேதான். மற்ற நான்கு நாளும் தங்களுக்குள் கொஞ்சம் வேறுபட்டால், தொடக்கூட முடியாது. 5 நாள் பட்டையை விலை தாண்டுவது கணிதப்படியே நடக்காத காரியம்.

n நாள்களில் ஒரு விலை சராசரியிலிருந்து அதிகபட்சம் எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்க முடியும் என்றால், (n − 1)-இன் வர்க்கமூலம் அளவு. ஐந்துக்கு 2. அதனால்தான் மாட்டிக்கொண்டோம். இருபதுக்கு 4.36; அங்கே தாண்ட இடம் உண்டு. ஆனால் வேலி நகர்வது அங்கேயும் நடக்கிறது, மெதுவாக.

விரிதாளில் 20 நாள் மேல்பட்டைக்கு இருபத்தோராம் வரிசையில் இதைத் தட்டலாம்:

```
=AVERAGE(B2:B21)+2*STDEV.P(B2:B21)
```

இறுதியில் உள்ள P முக்கியம். S என்று போட்டால் 20-க்குப் பதில் 19-ஆல் வகுக்கும், பட்டை சற்று அகன்றுவிடும். போலிங்கரின் கணக்கு P.

இந்தப் பட்டைகளைப் பற்றி மூன்று கூற்றுகள் உலவுகின்றன. முதலாவது, விலையின் 95 விழுக்காடு பட்டைக்குள் இருக்கும், ஆகவே வெளியே போவது அபூர்வம் என்பது. 95 என்ற எண் மணி வடிவப் பரவலுக்கு உரியது. விலைகளுக்கு அப்படிப் பரவ வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு நாள் விலை முந்தைய நாள் விலையை ஒட்டியே இருப்பதால் இருபது விலைகளும் தனித்தனிச் சோதனைகள் அல்ல. பட்டையிலிருந்து இப்படிப்பட்ட புள்ளியியல் முடிவுகளை எடுக்க வேண்டாம் என்று போலிங்கரே எச்சரித்திருக்கிறார்.

இரண்டாவது, மேல்பட்டையைத் தொட்டால் விலை 'அதிகம்', விற்றுவிட வேண்டும் என்பது. நம் பழைய உதாரணத்தை எடுங்கள், தினமும் 10 ரிங்கிட் ஏறும் விலை. 20 நாள் சராசரி விலைக்கு 95 கீழே இருக்கும். இரண்டு திட்ட விலக்கம் ஏறத்தாழ 115. ஆகவே மேல்பட்டை விலைக்கு வெறும் 20 ரிங்கிட் மேலே, எல்லா நாளும். ஏற்றம் கொஞ்சம் விரைந்தால் தொட்டுவிடும். நல்ல ஏற்றத்தின்போது விலை மேல்பட்டையை ஒட்டியே வாரக்கணக்கில் நடக்கும், தொடும் ஒவ்வொரு நாளும் விற்றவர் ஒவ்வொரு நாளும் வருந்துவார். தொடுவது மட்டுமே சமிக்ஞை ஆகாது என்பதும் போலிங்கர் சொன்னதுதான். கண்டுபிடித்தவர் சொல்லாததைக் குழுக்கள் விற்கின்றன.

மூன்றாவது கூற்றில் சற்றுச் சாரம் இருக்கிறது: பட்டை நன்றாக ஒடுங்கினால் பெரிய அசைவு வரப்போகிறது என்பது. 1963-இல் பெனுவா மாண்டல்பிராட் பருத்தி விலைகளை ஆராய்ந்து, பெரிய மாற்றங்களைத் தொடர்ந்து பெரிய மாற்றங்களும் சிறியவற்றைத் தொடர்ந்து சிறியவையும் வருகின்றன என்று கவனித்தார். துள்ளல் கொத்துக் கொத்தாக வரும். ஆகவே பட்டையின் அகலம் நாளைய துள்ளலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் அது சொல்வது வணிகர் சொல்வதற்குச் சற்று எதிரானது: ஒடுங்கிய பட்டைக்கு மறுநாள் பெரும்பாலும் இன்னொரு அமைதியான நாள்தான். அமைதி என்றாவது கலையும், உண்மை. எந்த நாள், எந்தப் பக்கம் என்பது பட்டையில் இல்லை. அகலத்தைக் கணக்கிடும்போது விலகல்களை வர்க்கப்படுத்தினோம் அல்லவா? அந்த இடத்திலேயே கூட்டல், கழித்தல் குறிகள் அழிந்துவிட்டன. திசை தெரியாத எண்ணிடம் திசையைக் கேட்க முடியாது.

அப்படியானால் இந்தக் கோடுகள் ஏதாவது முன்கூட்டிச் சொல்கின்றனவா என்று எப்படிச் சோதிப்பது? இதை மறுவாரம் படிவம் 4 வகுப்பில் செய்தோம். ஆளுக்கொரு நாணயம். 4000-இலிருந்து தொடங்கி, தலை விழுந்தால் 10 கூட்டு, பூ விழுந்தால் 10 கழி. அறுபது முறை. அதே விரிதாளில் கோடுகளையும் பட்டைகளையும் போட்டுத் தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டினோம். நடுவே ஓர் உண்மையான செம்பனை எண்ணெய் வரைபடம், எண்களையும் தேதிகளையும் மறைத்து. முன்னாள் மாணவனையும் அழைத்திருந்தேன். உண்மையானது எது என்று கேட்டேன். ஐந்து நிமிடம் நின்றான். ஒரு மாணவியின் நாணய வரைபடத்தைத் தொட்டான். அதில் பட்டை அழகாக ஒடுங்கி, நீலம் சிவப்பை வெட்டி, விலை கிடுகிடுவென ஏறியிருந்தது. எல்லா 'சமிக்ஞை'யும் இருந்தது. உள்ளே இருந்தது ஓர் இருபது சென் நாணயம்.

1959-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹாரி ராபர்ட்ஸ் இதே போலத் தற்செயல் எண்களிலிருந்து வரைபடங்கள் செய்து, அவை பங்குச் சந்தை வரைபடங்களைப் போலவே தோன்றுவதைக் காட்டினார். விலை முழுக்க நாணயம் சுண்டுவதுதான் என்று இதனால் நிரூபணம் ஆகாது; மாண்டல்பிராட் கண்ட கொத்துகள் நாணயத்தில் வராது. ஆனால் கண்ணுக்குப் பட்ட வடிவம் சான்று ஆகாது என்பது தெளிவாகிறது.

வகுப்பில் இன்னொரு விஷயமும் நடந்தது. 12, 26, 9 என்பதை விட்டு ஒவ்வொருவரும் தங்கள் விருப்ப எண்களைப் போட்டு, ஒரே நாணய வரைபடத்தில் வெட்டுக்கு வெட்டு வாங்கி விற்றதாகக் கணக்குப் பார்த்தார்கள். ஒருவனுக்கு நல்ல லாபம். அவன் எண்கள் 7, 19, 4. வகுப்பே கைதட்டியது. அதே நாணயத்தை இன்னொரு அறுபது முறை சுண்டி அதே எண்களைப் போட்டோம். நட்டம். பழைய வரைபடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த எண் அந்த வரைபடத்துக்கு மட்டுமே பொருந்தும் சட்டை. "எங்கள் அமைப்பு சென்ற ஆண்டு இத்தனை விழுக்காடு ஈட்டியது" என்று யாராவது சொன்னால், எண்களைத் தேர்ந்தது அந்த ஆண்டுக்கு முன்பா பின்பா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

முன்னாள் மாணவன் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறான். குழுவின் இலவசப் பகுதியில் வரும் ஒவ்வொரு சமிக்ஞையையும் வந்த அன்றே தேதி, விலையோடு எழுதி, பத்து வணிக நாள் கழித்து விலையைப் பக்கத்தில் குறிக்கிறான். கூடவே அன்று ஒரு நாணயத்தைச் சுண்டி, அது சொன்னதையும் அடுத்த பத்தியில் எழுதுகிறான். நாற்பது சமிக்ஞை சேர்ந்த பிறகு நோட்டைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். நேற்றுக் கேட்டபோது பதினொன்றாம் வரிசையில் இருந்தான். முந்நூறு ரிங்கிட் இன்னும் அவன் கையில்தான் இருக்கிறது.